திறப்பு எங்கே இருக்க வேண்டும்?
பால் கொடுக்கும் தாய்க்கு உடை தேர்ந்தெடுப்பது குறித்து

குழந்தை பெற்ற பெண்ணுக்கு என்ன உடை வாங்கலாம் என்று வீட்டில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். 'லூஸாக எடு' என்பார்கள். 'பெரிய துப்பட்டாவாக எடு' என்பார்கள். இரண்டும் அக்கறையில் சொல்லப்படுபவைதான். ஆனால் தொளதொளத்த குர்த்தி அணிந்தவர் பால் கொடுக்க அதைத் தொடையிலிருந்து சுருட்டித் தூக்க வேண்டும். வயிறும் இடுப்பும் முதுகின் ஒரு பகுதியும் வெளியே வந்துவிடும். பெரிய துப்பட்டாவைப் போர்த்தினால் குழந்தை வெக்கை தாங்காமல் அதை உதைத்துத் தள்ளும், அல்லது கையால் இழுத்து எறியும். அப்போதுதான் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது துணிக்கடைகளில் 'ஃபீடிங் குர்த்தி' என்று தனி வரிசையே இருக்கிறது. அவற்றிலும் பல, ஓரிரு முறை அணிந்த பிறகு அலமாரியின் அடியில் போய்விடுகின்றன. துணியும் நிறமும் நன்றாகத்தான் இருக்கும். ஜிப் தவறான இடத்தில் இருந்திருக்கும், அல்லது ஒரு கையால் திறக்க முடியாததாக இருந்திருக்கும். பால் கொடுக்கும் உடையின் மறைவு அதன் அளவில் இல்லை. அது எங்கே, எவ்வளவு, எப்படித் திறக்கிறது என்பதில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் விலை உயர்ந்த தனி உடைகள்கூடத் தேவைப்படாது. ஏற்கெனவே வைத்திருப்பவற்றிலேயே சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

வெளியே தெரிவது எது?

குழந்தை சரியாக வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கிய பிறகு, மார்பின் முன்பகுதியை அதன் தலையே மறைத்துவிடுகிறது. எதிரில் நிற்பவருக்குக் குழந்தையின் பின்னந்தலைதான் தெரியும். வெளியே தெரிய வாய்ப்புள்ளவை மூன்று. ஒன்று, குழந்தையின் தலைக்கு மேலே இருக்கும் மார்பின் மேற்பகுதி. இரண்டாவது, உடையைத் தூக்கியதால் திறந்த வயிறும் இடுப்பின் பக்கவாட்டும். மூன்றாவது, குழந்தை வாய் வைக்கிற, பிறகு வாயை எடுக்கிற அந்தச் சில நொடிகள்.

நல்ல உடை இந்த மூன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். மேற்பகுதியை மேல்துணி மூடியிருக்க வேண்டும். வயிற்றை உள்துணியோ உடையின் கீழ்ப்பகுதியோ மூடியிருக்க வேண்டும். திறப்பதும் மூடுவதும் ஒரு கையால் ஓரிரு நொடியில் முடிய வேண்டும், ஏனென்றால் மறுகை குழந்தையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அத்தனை முறையும் இரு கையால் அவிழ்த்துக் கட்ட வேண்டிய உடை, எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் காலத்துக்கு ஆகாது.

மேலே போர்த்தும் துணியைப் பற்றியும் ஒரு சொல். குழந்தையின் மூக்கும் வாயும் தாயின் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் வாரங்களில் குழந்தை காம்பை மட்டும் பிடித்திருக்கிறதா, கருவளையத்தையும் சேர்த்துப் பிடித்திருக்கிறதா என்று பார்த்துத்தான் சரி செய்ய முடியும். தடித்த துணியால் முழுக்க மூடிவிட்டால் அது தெரியாது. நம் ஊர் வெயிலில் துணிக்குள் குழந்தை வியர்த்துப்போகும். எனவே போர்வை என்பது வாய் வைக்கும் அந்தச் சில நொடிகளுக்கான துணை. மீதி நேரத்து மறைவை உடையின் தையலே தர வேண்டும்.

திறப்பின் வகைகள்

கடைகளில் கிடைக்கும் உடைகளில் நான்கு வகைத் திறப்புகளைப் பார்க்கலாம்.

முதலாவது நடுத் திறப்பு. சட்டையைப் போலக் கழுத்திலிருந்து கீழே பொத்தான்கள் வரும், அல்லது வீட்டு நைட்டியைப் போல நடுவில் நீண்ட ஜிப் இருக்கும். இது எளிதில் கிடைக்கும், தோற்றமும் கண்ணியமாக இருக்கும். ஆனால் திறக்கும்போது நெஞ்சின் நடுப்பகுதியும் மேற்பகுதியும் சேர்ந்தே திறக்கும். துணியை ஒரு பக்கமாக ஒதுக்க வேண்டியிருப்பதால் பொத்தான் வரிசை மார்புக்குக் கீழே நான்கு விரல் அளவாவது நீள வேண்டும். அழகுக்காக மேலே மூன்று பொத்தான் மட்டும் வைத்த குர்த்தியால் பயனில்லை. வீட்டில் இது போதும். வெளியே போகும்போது துப்பட்டா கட்டாயமாகிவிடும்.

இரண்டாவது மார்புக்குக் கீழே கிடையாகச் செல்லும் திறப்பு. அங்கே ஒரு ஃபிரில்லோ மடிப்போ தொங்கி ஜிப்பை மறைத்திருக்கும். ஜிப்பைத் திறந்து மேல்துணியைச் சற்றே உயர்த்தினால் போதும். கழுத்து முதல் மார்பின் மேற்பகுதி வரை எதுவும் திறக்காது. வயிறும் மூடியே இருக்கும். மூன்று கேள்விகளில் இரண்டுக்கு இது நேரடியாக விடை சொல்கிறது. அலுவலகத்தில் பால் எடுத்து வைக்கும் தாய்மார்களுக்கும் இது வசதி, ஏனென்றால் ஒரே திறப்பில் இரண்டு பக்கமும் கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது கோட்டின் உயரம். தையல் மார்புக்குச் சரியாகக் கீழே உட்கார வேண்டும். பால் கட்டி மார்பு பெரிதாக இருக்கும் நாட்களில் இறுக்கமான குர்த்தியின் கோடு மேலே ஏறி மார்பின் மீதே வந்து நிற்கும். கையைத் தூக்கி இறக்கியதும் கோடு மேலேயே நின்றுவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சின்னது.

மூன்றாவது இரு பக்கமும் செங்குத்தாகச் செல்லும் இரண்டு ஜிப்கள். மார்பின் வளைவையொட்டித் தோளிலிருந்து இறங்கும் பிரின்சஸ் கட் தையலுக்குள் இவற்றை ஒளித்து வைப்பார்கள். எந்தப் பக்கம் கொடுக்கிறோமோ அதை மட்டும் திறக்கலாம். வெளியே பார்த்தால் சாதாரணத் தையல் கோடுதான் தெரியும். நான்கு வகைகளில் தோற்றத்துக்கு மிகவும் உகந்தது இதுதான்.

நான்காவது இரட்டை அடுக்கு. மேல் அடுக்கைத் தூக்கினால் உள் அடுக்கில் வெட்டிய இடம் இருக்கும். டி-ஷர்ட் போன்ற உடைகளில் இது அதிகம். ஜிப்பும் பொத்தானும் இல்லாததால் இரவில் சுகம். ஆனால் இரண்டு அடுக்குத் துணி கோடையில் புழுங்கும்.

இந்த நான்கிலும் பலர் தவறவிடும் ஒரு விஷயம் உள்ளாடை. நர்சிங் பிராவின் கொக்கி பொதுவாகக் கப்பின் மேல்நுனியில், தோள்பட்டை நாடாவோடு சேரும் இடத்தில் இருக்கும். உடையோ மார்புக்குக் கீழே திறக்கிறது. கொக்கியைத் தேடிக் கையை உள்ளே நுழைத்துத் துழாவ வேண்டியிருக்கும், மறைவு அங்கேயே கெட்டுவிடும். எனவே கிடைத் திறப்பு உள்ள உடைக்குள், பக்கவாட்டில் ஒதுக்கியோ மேலே தூக்கியோ கொடுக்கும் மென்மையான, கம்பியில்லாத உள்ளாடை பொருந்தும். கொக்கி வைத்த பிரா நடுத் திறப்புக்கும், மேலே போதிய நீளம் உள்ள செங்குத்து ஜிப்புக்கும் பொருந்தும்.

இருக்கும் குர்த்தியை மாற்றுவது

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்திருக்கிறது. கர்ப்பத்துக்கு முன் அணிந்த, சற்றே தளர்வான, முட்டிக்குக் கீழே வரும் காட்டன் ஏ-லைன் குர்த்தி ஒன்று நன்றாக இருக்கிறது. அதில் பிரின்சஸ் கட் தையல் உண்டு. அதைத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து மாற்றலாம். என்ன சொல்லிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் அளவு. பால் கொடுப்பதற்கு முன், மார்பு நிறைந்திருக்கும் நேரத்தில், வழக்கமாக அணியும் உள்ளாடையோடு குர்த்தியைப் போட்டுப் பார்க்க வேண்டும். பால் குடித்து முடித்த பிறகு அளவெடுத்தால் அடுத்த வேளைக்கு இறுகும். அந்த நிலையில் நெஞ்சு, அக்குள் பகுதிகளில் துணி இழுத்துக்கொண்டு குறுக்கே சுருக்கம் விழுந்தால் அந்தக் குர்த்தியை மாற்றுவதில் பொருளில்லை. பக்கத் தையலில் உள்ளே துணி விட்டிருந்தால் பிரித்து அகலப்படுத்தலாம், இல்லையென்றால் வேறொன்றை எடுக்கலாம்.

துணி சரியாக இருந்தால், கண்ணாடி முன் நின்று இரு பக்கமும் காம்பு வரும் இடத்தைச் சாக்பீஸால் குறிக்க வேண்டும். தோள் தையலிலிருந்து அந்தப் புள்ளி வரை 10 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஜிப் அந்தப் புள்ளிக்கு மேலே 3 அங்குலத்தில் தொடங்கி, கீழே 6 அங்குலம் வரை இறங்க வேண்டும். ஆக 9 அங்குல ஜிப் இரண்டு தேவை. கீழே இறங்கும் நீளம்தான் துணியை அகலமாக விலக்க உதவும். மேலே இருக்கும் 3 அங்குலம், இரண்டு விரலை உள்ளே விட்டு பிராவின் கொக்கியைக் கழற்றுவதற்கு. அதற்கு மேல் நீட்டினால் மார்பின் மேற்பகுதி திறந்துகொள்ளும். கடைகளில் சில குர்த்திகள் அழகு பார்த்து ஜிப்பை 5, 6 அங்குலத்தில் நிறுத்திவிடுகின்றன. அவற்றில் குழந்தையின் வாய்க்கு இடம் போதாமல், துணி அதன் மூக்கில் வந்து அழுத்தும்.

அடுத்து, ஜிப் காம்புக்கு நேர் மேலே செல்லக் கூடாது. நடுப்பக்கமாக அரை அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரை தள்ளி வைத்தால் உராயாது. இருக்கும் தையல் கோடு ஏற்கெனவே அப்படித்தான் போகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிப்பின் பற்கள் தாயின் தோலிலும் குழந்தையின் கன்னத்திலும் படாமல் உள்பக்கம் ஒன்றரை அங்குல அகலத்தில் மெல்லிய பருத்தித் துணிப் பட்டி ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். சாதாரண ஜிப்புக்குப் பதில், மூடினால் பற்கள் வெளியே தெரியாத மறைவு ஜிப் வாங்கித் தர வேண்டும். ரேயான் போன்ற வழுவழுப்பான துணியாக இருந்தால் தைக்கும் இடத்தின் பின்னால் மெல்லிய கேன்வாஸ் ஒட்டச் சொல்வது நல்லது. இல்லாவிட்டால் இரண்டு துவைப்புக்குப் பிறகு ஜிப் அலையலையாக நெளிந்து, மறைக்க வேண்டிய இடத்தையே காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, ஜிப்பின் இழுப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் தையல்காரரிடம் சொல்ல வேண்டும். மூடிய நிலையில் இழுப்பு கீழ்நுனியில் இருந்து, மேல்நோக்கி இழுத்தால் திறக்கும்படி வைத்தால், தேவையான அளவு கீழ்ப்பகுதி மட்டும் திறக்கும். மேற்பகுதி மூடியே இருக்கும். வழக்கமாக மேலிருந்து கீழே திறக்கும் ஜிப்பையே தைத்துப் பழகியவர் இதைத் தலைகீழ் என்று நினைக்கக்கூடும். காரணத்தை ஒரு முறை விளக்கினால் தைத்துத் தந்துவிடுவார்.

பிரின்சஸ் கட் இல்லாத குர்த்தியில் நேரடியாக வெட்டி ஜிப் வைத்தால் அது தழும்பு போலத் தெரியும். அதன் மேல் மெல்லிய மடிப்புத் தையலோ, நீளவாக்கில் லேஸோ வைத்து மறைக்க வேண்டும். மார்புக்குக் கீழே யோக் தையல் உள்ள குடைக் குர்த்தியாக இருந்தால், அந்தத் தையலையே பிரித்து அங்கே கிடைமட்ட ஜிப் வைப்பது எளிது. பின்பக்கம் ஜிப் வைத்த அனார்கலியை மட்டும் எந்த வகையிலும் மாற்ற முயல வேண்டாம். அதைத் தூக்கவும் முடியாது, முன்னால் திறந்தால் அதன் வெட்டே கெட்டுவிடும்.

சேலையும் காதுகுத்தும்

குர்த்தியில் வெட்டித் தைத்துப் பெறும் மறைவைச் சேலை இயல்பாகவே தருகிறது. ஆனால் இன்றைய விழாச் சேலைக்கட்டு அந்த வசதியைப் பெரும்பாலும் எடுத்துவிடுகிறது. முந்தானையைச் சிறு மடிப்புகளாக அயர்ன் செய்து தோளில் குத்திவிடுகிறோம். நான்கு விரல் அகலத்துக்குச் சுருங்கிய துணி எதையும் மறைப்பதில்லை. பிளவுஸோ பின்பக்கக் கொக்கி, உள்ளே கெட்டியான கப், கழுத்தை ஒட்டிய படகு வடிவக் கழுத்து என்று தைக்கப்படுகிறது. அதை அணிந்தவர் பால் கொடுக்க வேண்டுமென்றால் தனி அறைக்குப் போய், இன்னொருவர் உதவியோடு முழுக்கக் கழற்ற வேண்டும்.

காதுகுத்தை எடுத்துக்கொள்வோம். குலதெய்வக் கோயிலுக்கு வேனிலோ பஸ்ஸிலோ பயணம். மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்துவார்கள். குத்தியதும் குழந்தை வீறிட்டு அழும், அடுத்த நொடியே தாயின் கையில் கொடுத்துவிடுவார்கள். பால் குடித்தால்தான் அழுகை அடங்கும். அறையைத் தேடும் அவகாசம் இருக்காது.

அந்த நாளுக்கான பிளவுஸ் முன்பக்கக் கொக்கி வைத்ததாக, கப் இல்லாததாக, பருத்தி லைனிங் கொடுத்ததாக இருக்க வேண்டும். கீழிருந்து மூன்று கொக்கிகளை மட்டும் கழற்றி அந்தப் பக்கத்தை உயர்த்தினால் போதும் என்ற அளவுக்கு அடிப்பட்டியில் தளர்வு வேண்டும். மேல் கொக்கிகள் போட்டபடியே இருப்பதால் நெஞ்சின் மேற்பகுதி திறக்காது. கொக்கிக்குப் பதில் பிரஸ் பட்டன் வைத்தால் எளிது என்று சிலர் சொல்வார்கள். மார்பு நிறைந்த நேரத்தில் அவை தாமாகவே திறந்துகொள்ளும் என்பதால் கொக்கிதான் நம்பகமானது. கொக்கியை ஒரு கையால் கழற்றலாம், போடுவதுதான் கடினம். குழந்தை குடித்து முடித்ததும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, குழந்தையை வேறொருவரிடம் கொடுத்த பிறகு இரு கையாலும் போட்டுக்கொள்ளலாம்.

முந்தானையை மடிப்பு வைக்காமல் ஒற்றையாக விட வேண்டும், அதோடு வழக்கத்தைவிட நீளமாகவும் விட வேண்டும். வழக்கமான கட்டில் முந்தானை வலது இடுப்பிலிருந்து எழுந்து நெஞ்சின் குறுக்கே இடது தோளுக்குப் போகிறது. அதனால் இடப்பக்கம் கொடுப்பது எளிது, முந்தானையின் கீழ்விளிம்பைச் சற்று உயர்த்திக் குழந்தையை உள்ளே அணைத்தால் போதும். வலப்பக்கம் கொடுக்கும்போது பின்னால் தொங்கும் நுனியை முதுகைச் சுற்றி வலது தோள் வழியாக முன்னால் கொண்டுவர வேண்டும். முந்தானை நீளமாக இருந்தால்தான் இது முடியும். தோளில் ஊக்கு குத்துவதாக இருந்தால் பின்பக்கமாக, பிளவுஸின் உள்ளே குத்த வேண்டும். குழந்தை தலை சாய்க்கும் இடத்தில் ஊக்கோ புரோச்சோ இருக்கக் கூடாது.

காதுகுத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. புதிதாகக் குத்திய காதில் கம்பி இருக்கும். ஜரிகை, கல் வேலை, கண்ணாடி வேலை உள்ள துணியில் அது மாட்டிக்கொண்டால் குழந்தைக்கு உயிர்போகும் வலி. எனவே கையிலும் நெஞ்சிலும் வேலைப்பாடு உள்ள பிளவுஸைத் தவிர்த்துவிடலாம். அழகு வேண்டுமென்றால் முதுகுப் பக்கத்திலும் முந்தானையின் நுனியிலும் இருக்கட்டும்.

பயணத்துக்கும் இதே கட்டு உதவும். தமிழ்நாட்டில் 2015 முதல் பேருந்து நிலையங்களில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பஸ் ஏறும் முன் ஒரு முறை அங்கே கொடுத்துவிடுவது நல்லது. ஓடும் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் ஜன்னல் பக்கம் முகம் திருப்பி, குழந்தை வாய் வைத்ததும் நேராக உட்கார்ந்துகொள்ளலாம். கோயில் மண்டபத்தில் தூணைப் பார்த்து உட்காருவதும் இதே உத்திதான். மறைவு தேவைப்படுவது அந்தச் சில நொடிகளுக்குத்தான்.

பால் கசிவும் துணியும்

ஒரு பக்கம் குழந்தை குடிக்கும்போது மறுபக்கமும் சுரந்து கசிவது இயல்பு. குழந்தையின் அழுகுரல் கேட்டாலே சிலருக்குக் கசியும். முதல் ஆறேழு வாரங்களில் இது அதிகமாக இருந்து, பிறகு பலருக்குக் குறையும். எனவே உடையின் நிறமும் துணியும் கசிவைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஈரம் மிகத் தெளிவாகத் தெரிவது சாம்பல், இளநீலம், வெளிர் பச்சை போன்ற ஒற்றை நிற மெல்லிய துணிகளிலும், சாட்டின் போன்ற பளபளப்பான துணிகளிலும்தான். அடர்த்தியான சிறு பூ, சிறு கட்டம், பாந்தினி, கலம்காரி போன்ற அச்சுகள் ஈரத்தை மறைக்கும். அடர்ந்த கருநீலத்திலும் கருப்பிலும் ஈரம் தெரியாது. ஆனால் காய்ந்த பிறகு வெள்ளைத் திட்டு தெரியலாம். மென்மையான பருத்தியும் மல்மல்லும் நம் வெயிலுக்கு ஏற்றவை. கஞ்சி போட்ட காட்டன் சேலை பார்க்க மிடுக்காக இருந்தாலும் குழந்தையின் கன்னத்தில் உரசும்.

உள்ளே வைக்க, நான்கைந்து அங்குல அகலத்தில் வட்டமாக வெட்டிய பருத்தித் துணியை நான்கைந்து அடுக்காகத் தைத்தால் போதும். பழைய வேட்டித் துணி இதற்கு மிகவும் ஏற்றது. நனைந்ததும் மாற்றிவிட வேண்டும். பின்பக்கம் பிளாஸ்டிக் ஒட்டிய பட்டைகள் மேல்துணியைக் காப்பாற்றினாலும் ஈரத்தைத் தோலோடு சேர்த்துப் பிடித்துவைக்கும். அதில் காம்பு ஊறிப் புண்ணாகலாம். நீண்ட நேரம் அவற்றை வைத்திருக்கக் கூடாது.

பால் கறையைக் குளிர்ந்த நீரில்தான் முதலில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் பாலில் உள்ள புரதம் உறைந்து இழைகளில் பிடித்துக்கொள்ளும். பட்டில் கவனம் இன்னும் அதிகமாக வேண்டும். பட்டே ஒரு புரத இழை என்பதால், கறையின் புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சலவைத்தூள் பட்டையும் அரிக்கும். காஞ்சிப் பட்டில் பால் பட்டால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, டிரை கிளீனிங்குக்குக் கொடுப்பதே பாதுகாப்பு.

இறுக்கம் எப்போது ஆபத்து?

பால் கொடுக்கும் உடை அழகாகப் பொருந்த வேண்டும், ஆனால் மார்பை அழுத்தக் கூடாது. கம்பி வைத்த பிராவும், அடிப்பட்டி இறுகிய பிளவுஸும் ஒரே இடத்தைத் தொடர்ந்து அழுத்தினால் அங்கே பால் வடியாமல் கட்டிக்கொள்ளலாம். உடையைக் கழற்றியதும் தோலில் பதிந்த கோடு நெடுநேரம் மறையாமல் இருந்தால் அது முதல் எச்சரிக்கை. அதே இடத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ, தொட்டால் வலித்தாலோ அந்த உடையை ஒதுக்கிவிட வேண்டும். தோல் சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது மார்பக அழற்சியாக இருக்கலாம். பால் கொடுப்பதைத் தாமாக நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மார்பின் அளவு முதல் வாரங்களில் நிலையாக இருப்பதில்லை. பிறந்த சில நாட்களில் பால் கட்டும்போது மிகவும் பெரிதாகி, ஆறு வாரம் வாக்கில் ஓரளவு நிலைக்கு வரும். அதனால் விழா பிளவுஸைக் கர்ப்பக் காலத்திலேயே தைத்து வைப்பது வீண். ஆறு வாரத்துக்குப் பிறகு, மார்பு நிறைந்த நேரத்தில் அளவு கொடுத்து, பக்கங்களில் ஒன்றரை அங்குலம் துணியை உள்ளே விட்டு இரண்டு மூன்று வரிசைத் தையல் போடச் சொன்னால், தேவைப்படும்போது ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். குழந்தை திட உணவுக்கு மாறிப் பால் குறையும்போது மீண்டும் பிடித்துக்கொள்ளவும் அதே துணி உதவும்.

தோற்றம் நேர்த்தியாக இருப்பதற்கும் இங்கேதான் வழி இருக்கிறது. உடல் மாறிக்கொண்டிருக்கும் காலத்தில் அதிகம் மாறாதவை தோளும் கழுத்தும் கையும். அந்த இடங்களில் அளவு கச்சிதமாக இருந்து, மார்புக்குக் கீழே உடை தளர்ந்து இறங்கினால் பார்ப்பவருக்கு அது பொருந்திய உடையாகவே தெரியும். தோள் தையல் கையில் வழிந்து நிற்கும் பெரிய சைஸ் குர்த்திதான் கலைந்த தோற்றத்தைத் தருகிறது. கடையில் வாங்கும்போது தோளுக்குப் பொருந்தும் அளவைத் தேர்ந்தெடுத்து, இடுப்புச் சுற்றளவுக்கு ஏ-லைன் வெட்டை நம்பலாம்.

வாங்கும் முன் ஒரு சோதனை

டிரையல் ரூமில் நின்று பார்ப்பதால் இந்த உடையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஸ்டூல் இருந்தால் அதில் உட்காருங்கள். இடது கையில் கைப்பையைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு பையைக் கை மாற்றி மறுபக்கமும் செய்யுங்கள். பலருக்கு ஒரு பக்கம் எளிதாக வரும், மறுபக்கம் சிக்கும். கண்ணாடியில் நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்து, மேலே எவ்வளவு தெரிகிறது, இடுப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். ஜிப்பின் உள்பக்கத்தை உங்கள் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு உறுத்தினால் குழந்தைக்கும் உறுத்தும். இந்தச் சோதனையில் தேறாத உடையில் 'ஃபீடிங்' என்று சீட்டு ஒட்டியிருந்தாலும் வாங்க வேண்டாம்.

வளைகாப்புக்கும் பிரசவத்துக்குப் பிறகும் சீர் கொண்டுபோகும் அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிளவுஸைத் தைத்துக் கொடுக்காதீர்கள், துணியாகவே கொடுங்கள். பின்கழுத்து ஜிப் வைத்த அனார்கலிக்குப் பதிலாக, முன்னால் திறக்கும் மென்மையான பருத்தி உடை இரண்டு வாங்கிக் கொடுங்கள். அந்த வருடம் முழுவதும் அவள் அவற்றைத்தான் மாற்றி மாற்றி உடுத்துவாள்.